ஸ்டூடியோவைப் பார்க்க வரலாமா? மூத்த ஓவியருக்கு ஒரு கடிதம்

கேள்வி: சென்னையில் ஒரு சிறிய கேலரியில் க்யூரேட்டராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. 1970களில் தமிழ்ச் சிற்றிதழ்களில் வந்த கோட்டோவியங்களை வைத்து வரும் ஜனவரியில் ஒரு குழுக் கண்காட்சி நடத்தப் போகிறோம். ஈஞ்சம்பாக்கம் பக்கம் இருக்கும் ஒரு மூத்த ஓவியரின் ஸ்டூடியோவைப் பார்க்க அனுமதி கேட்டு மெயில் அனுப்பினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. அவருக்கு 79 வயது. அந்த மெயிலையும் இணைத்திருக்கிறேன். மறுபடி எழுதலாமா? தேதியை நாம் சொல்வதா, அவரே சொல்லட்டும் என்று விடுவதா? படைப்பைத் தேர்ந்தெடுக்கத்தான் வருகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: மறுபடி எழுதுங்கள். ஆனால் அதே மெயிலை ‘நினைவூட்டல்’ என்று தலைப்புப் போட்டுத் திரும்ப அனுப்ப வேண்டாம். புதிதாக ஒரு கடிதம் எழுதி, தாளில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். 79 வயதுக்காரர் மெயில் பார்க்க மாட்டார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பலர் பார்க்கிறார்கள். ஆனால் பலருடைய மெயிலை மகனோ பேத்தியோ திறந்து, முக்கியம் என்று படுவதை மட்டும் வாசித்துக் காட்டுகிறார்கள். உங்கள் மெயிலில் முக்கியம் என்று பட ஒன்றுமே இல்லை. அங்கேதான் சிக்கல்.

“தங்களின் படைப்புலகை நேரில் தரிசித்து உரையாட ஆவலாக உள்ளோம். தங்களுக்கு வசதியான எந்த நாளிலும் வரத் தயார்” என்று எழுதியிருக்கிறீர்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியைப் படித்தவருக்கு நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று தெரியாது. வாங்க வருகிறீர்களா, பேட்டி எடுக்கவா, சும்மா பார்த்துவிட்டுப் போகவா? ஜனவரிக் கண்காட்சி பற்றி மெயிலில் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு எழுதிய கேள்வியில் ஒரே வரியில் தெளிவாகச் சொன்னதை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

காரணத்தைச் சொல்ல நமக்குத் தயக்கம் வருவது ஏன் என்று எனக்குத் தெரியும். தேர்ந்தெடுக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு, பிறகு எதையும் எடுக்காமல் போனால் அவர் மனம் நோகுமே என்ற பயம். அதனால் ‘பார்க்க வருகிறோம்’ என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். உண்மையில் அப்படி எழுதுவதுதான் அதிகமாக நோகடிக்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், அப்போது வேலை செய்த இடத்தின் உரிமையாளரோடு ஒரு மூத்த ஓவியர் வீட்டுக்குப் போனேன். போனில் “சும்மா பார்க்க வர்றோம் சார்” என்று மட்டும் சொல்லியிருந்தோம். போய்ப் பார்த்தால், கூடத்தில் சோபாவை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்பது கேன்வாஸ்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். பரண்மேல் இருந்தவற்றை இறக்க மகன் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டிருந்தார். துடைத்த ஈரம் சட்டங்களில் இன்னும் காயவில்லை. நாங்கள் அரை மணி நேரம் இருந்தோம், காபி குடித்தோம், “ரொம்ப நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். எங்களுக்கு அப்போது எந்தக் கண்காட்சித் திட்டமும் கிடையாது. அந்த வட்டாரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தோம். அவர் மூன்று மாதம் எங்கள் போனுக்காகக் காத்திருந்தார் என்பது பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்தது. சும்மா அறிமுகத்துக்கு என்று முன்பே சொல்லியிருந்தால் ஐந்தாறு படங்களை எடுத்து வைத்துவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து பேசியிருப்பார்.

அறிமுகத்துக்குப் போவதும், ஒரு கண்காட்சிக்குத் தேர்வு செய்யப் போவதும், வாங்கவோ விற்பனைக்கு எடுக்கவோ போவதும் ஓவியருக்கு வெவ்வேறு அளவு வேலை. எதற்காக வருகிறோம் என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை. “ஜனவரிக் கண்காட்சிக்கான தேர்வுக்காகப் பார்க்க விரும்புகிறோம். முடிவு செப்டம்பர் இறுதியில்தான். எந்த முடிவானாலும் எழுத்தில் தெரிவிப்போம்” என்று எழுதுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் இருந்தால், எடுக்காமல் போனால் என்னாகுமோ என்ற பயம் உங்களுக்கும் வேண்டாம், அவருக்கும் காத்திருக்கும் வேதனை இல்லை. எழுதிவிட்டால் அதன்படி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது. உங்கள் விஷயத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அந்தக் காலத்தில் சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த பலர், ஆதிமூலம் உட்பட, சிற்றிதழ்களுக்கு அட்டையும் கோட்டோவியமும் வரைந்து கொடுத்தார்கள். பெரும்பாலும் நட்புக்காக. வரைந்த தாள் பிளாக் எடுக்கும் கடைக்குப் போகும். அங்கே அதைப் படம் பிடித்து, சுருக்கி, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, அது அச்சகத்துக்குப் போகும். மூலத் தாள் எத்தனையோ பேருக்குத் திரும்பி வரவேயில்லை. ஆகவே “சிற்றிதழ்களில் வந்த உங்கள் கோட்டோவியங்களைப் பார்க்க வேண்டும்” என்று நீங்கள் எழுதினால், “இதழ் இருக்கிறது, படம் என்னிடம் இல்லையே” என்று அவர் குழம்புவார். உங்களுக்கு வேண்டியது மூலத் தாள் என்றால் அதைச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அதே ஆண்டுகளில் வரைந்து, எங்கும் அச்சாகாதவையும் பார்க்க விருப்பம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய இதழ்களைத் தேடுங்கள். அவருடைய கையெழுத்துள்ள படங்கள் கிடைத்தால் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் போட்டு, எந்த இதழ், எந்த மாதம் என்று பென்சிலால் எழுதி, கடிதத்தோடு வையுங்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தன் கோட்டை ஒருவர் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார் என்று பார்த்த பிறகு, பதில் எழுதாமல் இருக்கும் ஓவியரை நான் பார்த்ததில்லை. அவருக்கும் வேலை எளிதாகிறது. ‘படைப்புலகம்’ முழுவதையும் இறக்கி வைக்க வேண்டாம். எண் 4, எண் 7 இருக்கிறதா என்று தேடினால் போதும்.

தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தால்தான் கடிதத்தில் சரியான தொனி வரும். இந்த மாதிரி வீடுகளில் தாளில் வரைந்தவை இழுப்பறை அலமாரியில் இருப்பது அபூர்வம். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். திறந்தால் அந்துருண்டை வாசனை. படங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாள் வைத்திருப்பார்கள். அந்தச் செய்தித்தாளின் அமிலம் ஏறி, படத்தின் ஓரம் தேநீர் சிந்தின மாதிரிப் பழுத்திருக்கும். சில தாள்களில் ராமபாணப் பூச்சி அரித்த தடம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கடற்காற்றின் ஈரத்துக்குப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சைக் கறை. நல்ல நிலையில் உள்ள ஒரு மூலத் தாள் கிடைத்தால் விளிம்பைப் பாருங்கள். ‘அகலம் 3 அங்குலம்’ என்று பிளாக் கடைக்காரருக்குப் பென்சிலால் எழுதிய குறிப்பு இருக்கலாம். தவறிய கோட்டை மறைக்க வெள்ளை வர்ணம் தடவியது கொஞ்சம் மேடாகத் தெரியும். அச்சில் தெரியாத இந்த இரண்டுக்காகவே நேரில் போக வேண்டும். அதையும் கடிதத்தில் ஒரு வரி எழுதலாம். ஏன் ஸ்கேன் அனுப்பினால் போதாது என்று அவர் வீட்டில் யாராவது கேட்டால் அதுவே பதில்.

இப்போது தேதி. “எந்த நாளிலும் வரத் தயார்” என்பது பணிவு மாதிரி தெரிகிறது, ஆனால் முடிவெடுக்கும் பாரத்தை அவர் தலையில் வைக்கிறது. மூன்று தேதி கொடுங்கள். கிழமை, நேரம், எவ்வளவு நேரம் இருப்போம் என்பதோடு கொடுங்கள். இவை ஒத்துவராவிட்டால் அவர் சொல்லும் நாளுக்கு மாற்றிக்கொள்வோம் என்று ஒரு வரி. மூன்றும் ஒரே வாரத்தில், ஒரே வேளையில் இருந்தால் அது ஒரு தேதி கொடுத்த மாதிரிதான். அந்த வாரம் அவருக்குக் கண் சிகிச்சை என்றால் மூன்றும் போச்சு.

உங்கள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கண்காட்சி ஜனவரி மூன்றாம் வாரம் என்றால் டிசம்பர் முழுவதும் சட்டம் போடுபவருக்கு வேண்டும். படங்களை வாங்கி வந்து புகைப்படம் எடுக்கும் வேலை அக்டோபர் பாதிக்குள் முடிய வேண்டும், அதற்கப்புறம் வடகிழக்குப் பருவமழை. ஈரக்காற்றில் தாள் அலையலையாக வளையும், ஆட்டோவிலோ வேனிலோ கொண்டுவர யாருக்கும் தைரியம் வராது. அப்படியானால் தேர்வு செப்டம்பர் கடைசிக்குள். ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொருமுறை போக வேண்டி வரும் என்பதால் முதல் சந்திப்பு ஆகஸ்டில் நடந்தாக வேண்டும். இந்த ஆண்டு நாட்காட்டியை வைத்து நான் தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் 12 புதன் காலை 10 மணி, ஆகஸ்ட் 20 வியாழன் மாலை 3.30, ஆகஸ்ட் 22 சனி காலை 11 மணி என்று கொடுப்பேன். ஒன்று காலை, ஒன்று மாலை, ஒன்று வீட்டில் பிள்ளைகள் இருக்கும் சனிக்கிழமை. தகரப் பெட்டியை இழுக்க 79 வயதில் தனியாக முடியாது. மூன்றுமே சூரிய வெளிச்சத்தில் முடிகிற நேரம். மங்கின இங்க் கோட்டை ட்யூப் லைட்டில் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மூன்றும் ராகுகாலம், எமகண்டம் தவிர்த்தவை. பின்னிரண்டும் ஆடி கழிந்து ஆவணியில் வருகின்றன. அவர் இதெல்லாம் பார்ப்பவரா என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் ஒருவராவது பார்ப்பார். காரணம் எதுவும் எழுதாமல் தேதியை மட்டும் அப்படிப் போட்டுவிடுவது நல்லது.

கடிதம் இப்படி இருக்கலாம். எண்களையும் விவரங்களையும் நீங்கள் தேடிக் கண்டதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 1970களில் தமிழ்ச் சிற்றிதழ்களில் வெளிவந்த கோட்டோவியங்களுக்கு வரும் ஜனவரி மூன்றாம் வாரம் முதல் நான்கு வாரம் எங்கள் கேலரியில் ஒரு கண்காட்சி நடத்துகிறோம். ஆறு ஓவியர்கள், ஒவ்வொருவருடையதிலும் நான்கைந்து படைப்புகள். அதில் உங்கள் படைப்புகளைச் சேர்ப்பது குறித்து முடிவு செய்வதற்காக, உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து பார்க்க அனுமதி வேண்டி இதை எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் மெயில் ஒன்று அனுப்பியிருந்தேன். அதில் நோக்கத்தைச் சொல்லத் தவறிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய இதழ்களில் தேடியதில் உங்கள் கோட்டோவியங்கள் 11 கிடைத்தன. எண்ணிட்டு நகல் வைத்திருக்கிறேன். இவற்றில் எவற்றின் மூலத் தாள் உங்களிடம் இருக்கிறது என்று அறிய ஆசை. குறிப்பாக 4, 7, 9. மூலம் இல்லாவிட்டால், அதே ஆண்டுகளில் நீங்கள் தாளில் வரைந்த மற்றவற்றில் நீங்களே பத்துப் பதினைந்தை எடுத்துக் காட்டினால் போதும். கோடு, திருத்தம், விளிம்புக் குறிப்பு எல்லாம் அச்சில் தெரிவதில்லை, அதனால்தான் நேரில் பார்க்க விரும்புகிறேன்.

நானும் என் சக பணியாளர் ஒருவரும் வருவோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டோம். அன்று எந்தப் படைப்பையும் எடுத்துச் செல்ல மாட்டோம். நீங்கள் சம்மதித்தால் மட்டும், எங்கள் குறிப்புக்காகப் போனில் படம் எடுத்துக்கொள்வோம். அதை எங்கும் வெளியிட மாட்டோம். இது விற்பனைக் கண்காட்சி அல்ல. விற்க விருப்பம் இருந்தால் அதைத் தனியாகப் பேசலாம். தேர்வு விவரத்தைச் செப்டம்பர் 30க்குள், எந்த முடிவானாலும், கடிதத்தில் தெரிவிப்பேன்.

ஆகஸ்ட் 12 புதன் காலை 10 மணி, ஆகஸ்ட் 20 வியாழன் மாலை 3.30 மணி, ஆகஸ்ட் 22 சனி காலை 11 மணி. இவற்றில் ஒன்று உங்களுக்கு ஒத்துவருமா? இல்லையென்றால் நீங்கள் சொல்லும் நாளில் வருகிறோம். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. ஆகஸ்ட் 3 திங்கள் காலை 11 மணிக்கு நானே தொலைபேசியில் அழைக்கிறேன்.

பணிவுடன்,”

கீழே உங்கள் பெயரும், கேலரி முகவரியும், போன் எண்ணும். எழுத்தளவு 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் இரண்டாவது தாளில் போகட்டும், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

கடிதத்தில் விற்பனை பற்றி ஒரு வரி வைத்ததற்குக் காரணம் உண்டு. கேலரி என்றதும் எல்லோர் மனதிலும் விலையும் கமிஷனும்தான் வரும். விற்பனைக் கண்காட்சியாக இருந்தால் அதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். கமிஷன் விழுக்காடு முதல் கடிதத்துக்கு வேண்டாம், ஆனால் நேரில் கேட்டால் தயங்காமல் சொல்ல எண் கையில் இருக்க வேண்டும். இங்கே வழக்கம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. கேலரி உரிமையாளரிடம் இதை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “இது விற்பனை அல்ல” என்று நீங்கள் எழுதி, கூட வந்தவர் விலை கேட்டால் அன்றோடு அந்த வீட்டுக் கதவு மூடிவிடும்.

திங்கட்கிழமை 11 மணிக்குச் சரியாக அழையுங்கள். அவர் எடுக்காவிட்டால் மறுநாள் அதே நேரம் ஒருமுறை. வீட்டில் வேறு யாராவது எடுத்தால், கடிதம் வந்ததா என்று மட்டும் கேளுங்கள். அவரைக் கூப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பேசக் கிடைத்தால் நிச்சயம் கேட்கப்படும் கேள்வி, “எப்படி மாட்டுவீங்க?” என்பது. தாளில் வரைந்தவர்களுக்கு இதுதான் பெரிய கவலை. அமிலமில்லாத மவுண்ட், கண்ணாடி படத்தைத் தொடாத சட்டம், விளக்கு 50 லக்ஸுக்கு மேல் போகாது, இதை மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பயன்படுத்தியது இந்தியன் இங்க்கா, பேனா இங்க்கா என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். இந்தியன் இங்க்கில் இருப்பது கரி, எளிதில் வெளுக்காது. சாதாரணப் பேனா இங்க் வெளிச்சத்தில் வெளுக்கும். பேனா இங்க் என்றால் நான்கு வாரமும் அதே படத்தை மாட்டாமல் பாதியில் மாற்றிவைக்கலாமா என்று யோசிப்போம் என்று சொல்லுங்கள். தேதி குறிக்கும் போன் பேச்சு அங்கே வேலைப் பேச்சாக மாறும்.

போகும் அன்று கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். படத்தை அவரே எடுத்துத் தரட்டும். ஒவ்வொன்றையும் முடிந்ததும் அவர் வைத்திருந்த வரிசையிலேயே திருப்பி வையுங்கள். ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வரிசையைக் கலைத்துவிட்டு வருவது. “இதை இப்பவே எடுத்துட்டுப் போங்களேன்” என்று அவர் அன்பாகச் சொன்னாலும் எடுக்காதீர்கள். படத்தை வாங்கும் நாளில் அளவு, ஊடகம், ஓரத்தில் உள்ள சேதம், காப்பீட்டு மதிப்பு எல்லாம் எழுதிய ரசீது இரண்டு பிரதி வேண்டும். அது இல்லாமல் ஒரு தாள்கூட வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

ஒருவேளை அவர் ‘வேண்டாம்மா, என்னிடம் ஒன்றும் இல்லை’ என்று சொன்னால், உடனே ‘சரிங்க ஐயா’ என்று வைத்துவிடாதீர்கள். மூலத் தாள் இல்லை என்பதைத்தான் பலர் அப்படிச் சொல்வார்கள். இதழ்ப் பிரதி இருக்கிறதா, பிளாக் தகடு ஏதாவது யாரிடமாவது தங்கியிருக்கிறதா, அந்த இதழை நடத்தியவர் குடும்பம் எங்கே என்று கேளுங்கள். மூலம் தொலைந்த ஒரு கோட்டோவியத்தின் துத்தநாகத் தகடு, பழைய அச்சக உரிமையாளர் வீட்டுப் பரணில், எழுத்துக் கட்டைகளோடு சாக்கு மூட்டைக்குள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். துடைத்து, மை தடவி, ஒரு தாளில் அழுத்தினோம். கோடு அப்படியே வந்தது. அந்த வீட்டு முகவரியை எனக்குச் சொன்னவர், முதல் போனில் ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்ன அந்த ஓவியர்தான்.